டிபால்டில் தள்ளுபடியான வழக்கு: மீட்பதா, புதிதாகப் போடுவதா?

பொங்கலை ஒட்டிய வாரத்தில் அரூரிலும் தர்மபுரியிலும் வக்கீல் ஆபீஸ்களில் கூட்டம் கொஞ்சம் கூடும். பெங்களூரில் கட்டட வேலை, ஓசூரில் கம்பெனி வேலை என்று போனவர்கள் ஊருக்கு வந்த கையோடு, நடந்துகொண்டிருக்கும் கேஸ் எந்த நிலையில் இருக்கிறது என்று கேட்க வருவார்கள். அவர்களில் இரண்டு மூன்று பேருக்காவது, "உங்க கேஸ் போன மாசமே டிபால்ட்ல போயிடுச்சே" என்று சொல்ல வேண்டியிருக்கும். வாய்தாவுக்கு வராததால் வழக்கு தள்ளுபடியாகிவிட்டது என்று அர்த்தம். கேட்டதும் முகம் மாறிவிடும். அடுத்து வரும் கேள்வி எப்போதும் ஒன்றுதான்: "புதுசா ஒரு கேஸ் போட்டுடலாமா சார்?"

போட முடியுமா என்பது தள்ளுபடி உத்தரவில் எழுதியிருக்கும் ஒரு வரியைப் பொறுத்தது. அதைப் படிக்காமலே புது வழக்கு போட்டுப் பணத்தையும் காலத்தையும் இழந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். அதனால் முதலில் உத்தரவைப் பார்ப்போம். எந்த வழி நல்லது என்பதை அப்புறம் பேசலாம்.

உத்தரவில் அந்த ஒரு வரி

டவாலி பெயரைக் கூப்பிடுகிறார், வாதி இல்லை, வாதிக்காகப் பேச வக்கீலும் இல்லை. காலையில் ஒருமுறை கூப்பிட்டு, கொஞ்சம் பொறுத்து மறுபடி கூப்பிட்டுப் பார்த்துவிட்டு நீதிபதி வழக்குக் கட்டில் நாலு வரி எழுதுகிறார். அந்த நாலு வரியில் பிரதிவாதியைப் பற்றி என்ன எழுதியிருக்கிறது என்பதுதான் முக்கியம்.

பிரதிவாதியோ அவருடைய வக்கீலோ ஆஜராகியிருந்தார், வாதி மட்டும் இல்லை என்றால், அது உரிமையியல் நடைமுறைச் சட்டம் 1908, ஆணை 9, விதி 8-ன்படியான தள்ளுபடி. இரு தரப்புமே இல்லை என்றால் விதி 3. பிரதிவாதி வராததால் ஏற்கெனவே எக்ஸ்பார்டே ஆகிவிட்ட வழக்கில் வாதியும் வராமல் போனால், அதுவும் பெரும்பாலும் விதி 3-க்குள்தான் வரும்.

விதி 3-ல் போன வழக்குக்கு விதி 4 இரண்டு கதவுகளைத் திறந்து வைத்திருக்கிறது. காலவரம்பு மிச்சம் இருந்தால் புதிதாக வழக்கு போடலாம். அல்லது பழைய வழக்கையே மீட்டுத் தரச் சொல்லி மனு போடலாம். விதி 8-ல் போன வழக்குக்கு ஒரு கதவு மூடிவிடுகிறது. அதே வழக்கு மூலத்தை, அதாவது வழக்கு போடக் காரணமான அதே விஷயத்தை, வைத்துப் புதிய வழக்கு போடக் கூடாது என்று விதி 9 வெளிப்படையாகச் சொல்கிறது. மீட்பு மனு ஒன்றுதான் மிச்சம்.

நடைமுறையில் பிரதிவாதியின் வக்கீல் ஒவ்வொரு வாய்தாவுக்கும் எழுந்து நிற்பவராக இருந்தால், உங்கள் வழக்கு விதி 8-ல் போயிருக்கும் என்றே எடுத்துக்கொள்ளுங்கள். இருந்தாலும் ஊகத்தில் முடிவு எடுக்க வேண்டாம். eCourts Services செயலியில் CNR எண்ணைப் போட்டால் என்று தள்ளுபடியானது என்று தெரிந்துவிடும், ஆனால் யார் வந்தார், யார் வரவில்லை என்பது அதில் தெளிவாக இருக்கும் என்று சொல்ல முடியாது. நகல் மனு போட்டு உத்தரவின் நகலை வாங்குங்கள். நகல் கைக்கு வர நாளாகும் என்றால், அதற்குள் வக்கீல் மூலம் கட்டைப் பார்த்து அந்த வரிகளை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். வாதி சாட்சிக் கூண்டில் ஏறி, சாட்சியத்தின் பெரும்பகுதி பதிவான பிறகு அவர் வராமல் போனால், அவர் இருப்பதாகவே பாவித்து வழக்கை நடத்த ஆணை 17, விதி 2-ன் விளக்கம் கோர்ட்டுக்கு இடம் தருகிறது. அப்படிச் சாட்சியத்தைப் பேசி, வழக்கு நிரூபிக்கப்படவில்லை என்று தீர்ப்பெழுதித் தள்ளியிருந்தால் அது டிபால்ட் தள்ளுபடி ஆகாது. அதற்கு மேல்முறையீடுதான் வழி, மீட்பு மனு நிற்காது. உத்தரவு நாலு வரியா நாலு பக்கமா என்று பார்த்தாலே பாதி விடை கிடைத்துவிடும்.

ஒரு புரோநோட்டு வழக்கு

மாதிரிக்கு ஒரு வழக்கை வைத்துக்கொள்வோம். தீர்த்தமலைப் பக்கத்து விவசாயி ஒருவர் தெரிந்தவருக்கு 1,50,000 ரூபாய் கடன் கொடுத்து, 2.5.2022 தேதியிட்ட புரோநோட்டு வாங்கியிருக்கிறார். கேட்கும்போது தர வேண்டிய நோட்டு. அதற்குக் காலவரம்பு நோட்டின் தேதியிலிருந்து 3 வருடம். மூன்றாவது வருடக் கடைசியில், 21.4.2025 அன்று, வட்டியோடு சேர்த்து 2,00,000 ரூபாய்க்கு வழக்கு போடுகிறார். வாதி தரப்புச் சாட்சியத்துக்காக 18.11.2025 என்று வாய்தா.

முந்தின நாள் ராத்திரி அவர் மனைவிக்கு நெஞ்சுவலி. தர்மபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் சேர்க்கிறார்கள், இவர் கூடவே இருக்கிறார். வக்கீல் அன்று தர்மபுரியில் வேறொரு வழக்கில் நிற்கிறார். அரூரில் இந்த வழக்குக்கு யாரும் எழுந்து நிற்கவில்லை. பிரதிவாதியின் வக்கீல் ஆஜர். வழக்கு விதி 8-ல் தள்ளுபடி.

மனைவி 22-ம் தேதி வீடு திரும்புகிறார். ஒரு வாரம் கழித்து இவர் மகனோடு பெங்களூருக்கு வேலைக்குப் போய்விடுகிறார். குமாஸ்தா கூப்பிட்டது பழைய செல் நம்பருக்கு. 12.1.2026 அன்று ஊருக்கு வந்து வக்கீல் ஆபீஸ் படியேறியபோதுதான் சேதி தெரிகிறது.

இவர் புதிய வழக்கு போடலாமா? விதி 9 தடுக்கிறது. சரி, பிரதிவாதி வக்கீலும் அன்று வரவில்லை, விதி 3-ல்தான் போயிற்று என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் இவரால் முடியாது. புரோநோட்டின் 3 வருடம் 2025 மே மாதத் தொடக்கத்திலேயே முடிந்துவிட்டது. பழைய வழக்கு கோர்ட்டில் இருந்த ஏழு மாதத்தைக் கழித்துக் கொடுப்பார்கள் என்று பலர் நம்புகிறார்கள். காலவரம்புச் சட்டம் 14-ம் பிரிவின் கழிவு, அதிகாரம் இல்லாத கோர்ட்டில் நல்லெண்ணத்தோடு வழக்கு நடத்தியவருக்கும், அதுபோன்ற குறைபாட்டால் வழக்கை இழந்தவருக்கும் உரியது. வராமல் விட்டவருக்கு அது கிடைக்காது. இடையில் கடன்காரர் கடனை ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட்டிருந்தாலோ, கொஞ்சம் பணம் கட்டி அதை அவரே எழுதிக் கொடுத்திருந்தாலோ கணக்கு மாறும். இவருக்கு அப்படி எதுவும் இல்லை.

செலவையும் பார்த்துவிடுவோம். புதிய பண வழக்கு என்றால் தமிழ்நாட்டில் கோர்ட் கட்டணம் நூற்றுக்கு 3 வீதம். 2 லட்சத்துக்கு 6,000 ரூபாய் மறுபடி கட்ட வேண்டும். பிரதிவாதிக்குச் சம்மன் சார்வாவதிலிருந்து எல்லாம் முதலிலிருந்து தொடங்கும். மீட்பு மனுவுக்குச் சிறு தொகை ஸ்டாம்பு போதும், வழக்கும் நின்ற இடத்திலிருந்தே தொடரும். ஆக இந்த விவசாயிக்கு எப்படிப் பார்த்தாலும் மீட்பு மனுதான் வழி.

அப்படியானால் புதிய வழக்கு எப்போதுதான் நல்லது? உத்தரவு விதி 3-ல் இருக்க வேண்டும், காலவரம்பு தாராளமாக மிச்சம் இருக்க வேண்டும், பழைய பிராதிலேயே பெரிய கோளாறு இருக்க வேண்டும். சர்வே எண் தவறு, சேர்க்க வேண்டியவரைச் சேர்க்கவில்லை என்பது மாதிரி. இந்த மூன்றும் ஒன்றுகூடினால் புதிதாகப் போடுவதே மேல் என்று நானும் சொல்வேன். பாகப்பிரிவினை வழக்கில் நிலைமை வேறு. சொத்து பிரியாமல் இருக்கும்வரை பாகம் கேட்கும் உரிமை தொடர்ந்து பிறந்துகொண்டே இருக்கிறது என்பதால், முதல் வழக்கு டிபால்டில் போனாலும் அடுத்த வழக்கைத் தடுக்க முடியாது என்று உயர் நீதிமன்றங்கள் சொல்லியிருக்கின்றன. வண்டிப்பாதைத் தகராறில் பிரதிவாதி மறுபடி புதிதாக வந்து மறித்தால், அது புதிய வழக்கு மூலம். ஆனால் அதைக் காட்டப் புதிய தேதியும் புதிய சம்பவமும் வேண்டும். பழைய மறிப்பையே வேறு வார்த்தையில் எழுதிக் கொண்டுபோனால் விதி 9-ல் மாட்டிக்கொள்வீர்கள்.

மேல்முறையீட்டைப் பற்றியும் சிலர் கேட்பார்கள். டிபால்ட் தள்ளுபடி "டிகிரி", அதாவது தீர்ப்பாணை, என்ற வரையறைக்குள் வராது என்று சட்டத்தின் 2(2) பிரிவே சொல்லிவிட்டது. அதனால் தள்ளுபடி உத்தரவின் மேல் நேரடி அப்பீல் கிடையாது. முதலில் மீட்பு மனு போட்டு, அது தள்ளுபடியானால்தான் அப்பீல் என்ற பேச்சே வரும்.

முப்பது நாளும் அதற்குப் பிறகும்

மீட்பு மனுவுக்குக் காலவரம்பு 30 நாள். காலவரம்புச் சட்டத்தின் 122-வது இனம். தள்ளுபடியான நாளிலிருந்து எண்ண வேண்டும், ஆனால் அந்த நாளை விட்டுவிட்டு. எண்ணிக்கை உங்களுக்குத் தெரியவந்த நாளில் தொடங்குவதில்லை. இங்கேதான் பலர் தவறு செய்கிறார்கள். நம் விவசாயிக்கு 18.12.2025 அன்றே 30 நாள் முடிந்துவிட்டது. அவருக்குச் சேதி தெரிந்தது அதற்கு 25 நாள் கழித்து. கடைசி நாளில் கோர்ட் விடுமுறையாக இருந்தால் திறக்கும் நாளில் போடலாம். மே மாத விடுமுறையில் இது பலருக்குக் கைகொடுத்திருக்கிறது.

30 நாளுக்குள் வருபவருக்கு ஒரு மனு போதும். அதன்பின் வருபவர் இரண்டு மனு போட வேண்டும். தாமதத்தை மன்னிக்கக் கேட்டு காலவரம்புச் சட்டம் 5-ம் பிரிவில் ஒன்று, வழக்கை மீட்கக் கேட்டு ஆணை 9, விதி 9-ல் ஒன்று. முதலாவது ஏற்கப்பட்டால்தான் இரண்டாவதற்கு எண் கிடைக்கும். சிலர் இதைச் சுற்றிக்கொண்டு போகலாம் என்று நினைத்து 151-ம் பிரிவில், கோர்ட்டின் இயல்பான அதிகாரம் என்று மனு போடுகிறார்கள். சட்டத்தில் தனி விதி இருக்கும்போது 151 உதவிக்கு வராது. அந்த மனு திரும்பி வருவதற்குள் தாமதம் இன்னும் இரண்டு மாதம் கூடியிருக்கும்.

இந்த இரண்டு நிலைக்கும் உள்ள வித்தியாசம் ஒரு மனு கூடுதல் என்பதோடு முடிவதில்லை. கோர்ட் கேட்கும் கேள்வியே மாறுகிறது. 30 நாளுக்குள் வந்தால் கேள்வி ஒன்றுதான்: அன்றைக்கு ஏன் வரவில்லை? விதி 9-ன் வாசகம் அதைத்தான் கேட்கிறது. வழக்கு கூப்பிடப்பட்டபோது ஆஜராகாததற்குப் போதுமான காரணம் இருந்தது என்று கோர்ட் திருப்தியடைந்தால், வழக்கை மீட்டே ஆக வேண்டும், செலவுத்தொகை வேண்டுமானால் விதிக்கலாம். அதற்கு முந்தைய வாய்தாக்களில் நீங்கள் எத்தனை முறை அவகாசம் கேட்டீர்கள் என்பதைப் பிரதிவாதி தரப்பு கட்டாயம் எடுத்துப் போடும். ஆனால் போதுமான காரணத்தை அந்தக் குறிப்பிட்ட நாளை வைத்துத்தான் பார்க்க வேண்டும், பழைய அலட்சியத்தை இதில் சேர்க்கக் கூடாது என்று 2000-ல் ஜி.பி. ஸ்ரீவஸ்தவா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. அது எக்ஸ்பார்டே டிகிரியை ரத்து செய்யும் விதி 13 பற்றிய வழக்கு. ஆனாலும் "போதுமான காரணம்" என்ற சொல் இரண்டு விதியிலும் ஒன்றுதான்.

30 நாள் தாண்டிவிட்டால் இரண்டாவது கேள்வி வருகிறது: இத்தனை நாள் என்ன செய்தீர்கள்? முதல் கேள்விக்கு நல்ல பதில் வைத்திருப்பவர்கள்கூட இந்த இரண்டாவதில் தடுமாறுகிறார்கள்.

கோர்ட் நம்பும் விளக்கம்

நான் தொழிலுக்கு வந்த புதிதில் சீனியர் ஆபீஸில் ஒரு பழைய மனுவைக் கொடுத்து, அதைப் பார்த்து எழுதச் சொல்வார்கள். அந்த மனுவில் வாதிக்கு மஞ்சள் காமாலை. அடுத்த மனுவிலும் மஞ்சள் காமாலை. தமிழ்நாட்டில் எந்தக் கோர்ட்டில் பார்த்தாலும் இந்த வாசகம் கிடைக்கும்: "எனக்கு மஞ்சள் காமாலை நோய் கண்டு, நாட்டு வைத்தியம் பார்த்துப் படுத்த படுக்கையாக இருந்ததால் மேற்படி தேதியில் ஆஜராக இயலவில்லை. இது வேண்டுமென்றே செய்ததல்ல." நாட்டு வைத்தியத்துக்குச் சீட்டு இருக்காது என்பதால்தான் இந்தக் காரணம் இவ்வளவு பரவியது. நீதிபதிகள் இதை ஆயிரம் தடவை படித்தவர்கள். உண்மையிலேயே மஞ்சள் காமாலை வந்தவருடைய மனுவும் இதனால் நம்பிக்கை இழக்கிறது. இது எனக்கு நிஜமான வருத்தம்.

நம் விவசாயியின் காரணம் உண்மையானது. ஆனால் அதையும் "என் மனைவிக்கு உடல்நிலை சரியில்லாததால்" என்று ஒரே வரியில் எழுதினால் மஞ்சள் காமாலை மனுவுக்கும் அதற்கும் வித்தியாசம் தெரியாது. அபிடவிட்டில் அவர் சொல்ல வேண்டியது இப்படி இருக்க வேண்டும்:

"17.11.2025 இரவு சுமார் 11 மணிக்கு என் மனைவிக்கு நெஞ்சுவலி ஏற்பட்டு, தர்மபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் உள்நோயாளியாகச் சேர்த்தேன். அவர் 22.11.2025 வரை அங்கு சிகிச்சை பெற்றார். உடன் இருக்க வேறு ஆள் இல்லாததால் 18.11.2025 அன்று நான் மருத்துவமனையிலேயே இருந்தேன். அன்று காலை என் வக்கீலைப் போனில் அழைத்தேன். அவர் தர்மபுரி நீதிமன்றத்தில் வேறு வழக்கில் இருந்தபடியால் என்னால் அவரோடு பேச முடியவில்லை."

இதில் ஒவ்வொரு வரியையும் சரிபார்க்க முடியும். டிஸ்சார்ஜ் சம்மரியில் சேர்ந்த தேதியும் போன தேதியும் இருக்கும். போன் அழைப்பு செல்லிலேயே இருக்கும், அதை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொள்ளலாம். வக்கீல் அன்று தர்மபுரியில் எந்த வழக்கில் நின்றார் என்று வக்கீலே ஒரு அபிடவிட் கொடுக்கலாம். கொடுக்கத்தான் வேண்டும் என்பது என் கருத்து. வாதி வர முடியாததற்குக் காரணம் சொல்லிவிட்டு, வக்கீல் ஏன் வரவில்லை என்பதை விட்டுவிடுவது பல மனுக்களில் உள்ள ஓட்டை. பிரதிவாதி தரப்பு கவுண்டர் என்ற பதில் மனுவில் முதலில் கேட்பது அதைத்தான்: "கட்சிக்காரருக்கு உடம்பு சரியில்லை, சரி. வக்கீலுக்கு என்ன?"

வக்கீல் தரப்பில் தவறு இருந்தால் அதையும் மறைக்க வேண்டாம். வக்கீலை நம்பி ஒப்படைத்துவிட்டு ஊரில் இருக்கும் கட்சிக்காரரை, வக்கீலின் தவறுக்காகத் தண்டிக்கக் கூடாது என்று 1981-ல் ரஃபீக் எதிர் முன்ஷிலால் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. ஆனால் அது எல்லா அலட்சியத்துக்கும் மூடி போடும் தீர்ப்பு இல்லை. வருடக்கணக்காக வக்கீலைப் பார்க்கவே வராத கட்சிக்காரருக்கு அது உதவாது. அதேபோல் வக்கீல்கள் கோர்ட் புறக்கணிப்பில் இருந்தார்கள் என்பது தனியாக நிற்கும் காரணம் ஆகாது என்பதும் 2000-ம் ஆண்டு ராமன் சர்வீசஸ் வழக்கிலிருந்து தெளிவாக உள்ளது. புறக்கணிப்பு நாளில் கட்சிக்காரர் நேரில் போய்க் கூப்பிடும்போது எழுந்து நின்றிருந்தால் தள்ளுபடியே ஆகியிருக்காது.

அடுத்து தாமதம். இவர் 23.1.2026 வெள்ளிக்கிழமை மனு போடுகிறார் என்றால் 36 நாள் தாமதம். இதை மூன்று துண்டாகப் பிரித்துச் சொல்ல வேண்டும். 22.11.2025 வரை மருத்துவமனை. அங்கிருந்து 12.1.2026 வரை பெங்களூரில் வேலை, தள்ளுபடி ஆனது தெரியாது. 12.1.2026-லிருந்து 23.1.2026 வரை பொங்கல் விடுமுறை, பிறகு டிஸ்சார்ஜ் சம்மரியின் நகல் 20-ம் தேதி கிடைத்தது, 22-ம் தேதி அபிடவிட்டில் கையெழுத்து.

இதில் நடுத்துண்டுதான் பலவீனமானது. வாய்தா தவறியது அவருக்கு அன்றே தெரியும். அடுத்த வாய்தா எப்போது என்று ஏன் விசாரிக்கவில்லை? இந்தக் கேள்விக்கு உண்மையான பதில் இல்லாமல் அழகான பதில் எழுதினால் குறுக்கு விசாரணையில் உடைந்துவிடும். அவருடைய உண்மையான பதில் என்ன? மனைவி வீட்டுக்கு வந்த பிறகு ஒருமுறை ஆபீஸுக்குப் போன் செய்தார், எடுக்கவில்லை. வக்கீல் வேறு தேதி வாங்கியிருப்பார் என்று நம்பிவிட்டார். பெங்களூருக்குப் போய் செல் நம்பரை மாற்றினார், அதை ஆபீஸில் சொல்லவில்லை. கேட்கும்போது அவ்வளவு வலுவாகத் தோன்றாது. ஆனாலும் இதை அப்படியே எழுதுங்கள் என்றுதான் சொல்வேன். புது சிம் வாங்கிய தேதி, குமாஸ்தா பழைய நம்பருக்கு அழைத்த பதிவு இரண்டும் இதற்குத் துணை நிற்கும். தவறை ஒப்புக்கொண்டு வருபவர் மேல் கோர்ட்டுக்கு இரக்கம் வரும், செலவுத்தொகை விதித்துத் தாமதத்தை மன்னிக்கும். ஒரு பொய் பிடிபட்டுவிட்டால் மற்ற உண்மைகளையும் யாரும் நம்புவதில்லை.

பொய் எப்படிப் பிடிபடும் என்பதற்கு ஒரு சம்பவம். வாதி மூன்று மாதம் படுத்த படுக்கை என்று ஒரு மனுவில் எழுதியிருந்தார்கள். எதிர்த்தரப்பு அந்த மூன்று மாதத்துக்குள் அவர் பத்திரப் பதிவு அலுவலகத்துக்கு நேரில் போய்க் கைரேகை வைத்துப் பதிவு செய்த கிரயப் பத்திரத்தின் நகலைக் கொண்டுவந்து வைத்தது. அந்த மனு அங்கேயே முடிந்தது. அவர் வராமல் போனதற்கு வேறொரு நல்ல காரணம் நிஜத்திலேயே இருந்தது என்பது பிறகுதான் தெரிந்தது. "எதுக்குங்க குடும்ப விஷயத்தை எல்லாம் கோர்ட்டுல சொல்லணும்னு விட்டுட்டேன்" என்றார்.

நாள்கணக்கு எவ்வளவு என்பதைவிட விளக்கம் ஏற்கத்தக்கதா என்பதே முக்கியம் என்று 1998-ல் பாலகிருஷ்ணன் எதிர் கிருஷ்ணமூர்த்தி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. சென்னை உயர் நீதிமன்றத்திலிருந்து போன வழக்கு அது. எக்ஸ்பார்டே டிகிரியை ரத்து செய்யப் போட்ட மனுவில் 883 நாள் தாமதம், அதையும் மன்னித்தார்கள். அந்த எண்ணை மேற்கோள் காட்டாத தாமத மனுவே இல்லை என்று சொல்லலாம். ஆனால் அதே தீர்ப்பின்படி, விளக்கம் சரியில்லாவிட்டால் மிகக் குறைந்த தாமதம்கூட மன்னிக்கப்படாமல் போகலாம். இந்தப் பாதியை மேற்கோள் காட்டுபவர்கள் விட்டுவிடுகிறார்கள்.

மனு போட்ட பிறகு

விதி 9 மனுவில் எதிர்த்தரப்புக்கு நோட்டீஸ் போகாமல் உத்தரவு போட முடியாது. விதி 4 மனுவுக்கு அந்தக் கட்டாயம் இல்லை, அதனால் விதி 3-ல் போன வழக்கு சீக்கிரம் திரும்பிவிடும். நோட்டீஸ் போன பிறகு எதிர்த்தரப்பு வக்கீலிடம் நேராகப் பேசிப் பார்ப்பது நல்லது. காரணம் உண்மையானது என்று தெரிந்தால், செலவுத்தொகை கொடுத்தால் ஆட்சேபணை இல்லை என்று எழுதிக் கொடுப்பவர்கள் நம் பக்கத்துக் கோர்ட்டுகளில் நிறையவே இருக்கிறார்கள். அப்படி எழுதிக் கொடுத்துவிட்டால் மாதக்கணக்கில் இழுக்க வேண்டிய மனு ஓரிரு வாய்தாவில் முடியும்.

மீட்பு மனு தள்ளுபடியானால், விதி 9-ன் கீழான உத்தரவுக்கு ஆணை 43, விதி 1(சி)-ன்படி அப்பீல் உண்டு, மாவட்டக் கோர்ட் அளவில் என்றால் 30 நாளுக்குள். ஆனால் தாமத மனு என்ற படியிலேயே தோற்றுவிட்டால் அந்த அப்பீல் கிடைக்காது. சென்னை உயர் நீதிமன்றத்தில் சிவில் சீராய்வு மனுதான் போட வேண்டும். தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களுக்கு மதுரைக் கிளை கிடையாது, சென்னைக்கே போக வேண்டும். அங்கே போகும் செலவு சில நேரம் வழக்குத் தொகையில் பெரும்பங்கைத் தின்றுவிடும். 30 நாளுக்குள் வருவதும் 31-ம் நாள் வருவதும் வேறு வேறு என்று நான் கட்சிக்காரர்களிடம் திரும்பத் திரும்பச் சொல்வது இதனால்தான்.

மனு ஏற்கப்பட்டாலும் வேலை முடியவில்லை. நம் விவசாயிக்கு, 1,000 ரூபாய் செலவுத்தொகையை 27.3.2026-க்குள் எதிர்த்தரப்புக்குச் செலுத்தினால் மனு அனுமதிக்கப்படும், தவறினால் தள்ளுபடி என்று உத்தரவு வருவதாக வைத்துக்கொள்ளுங்கள். இந்த வகை நிபந்தனை உத்தரவில் பணம் கட்டாமல் விட்டு, மீட்ட வழக்கை மறுபடி இழந்தவர்கள் உண்டு. தேதி தவறினால் 148-ம் பிரிவில் அவகாசம் கேட்கலாம், ஆனால் அது மொத்தம் 30 நாளுக்கு மிகாமல்தான் என்று அந்தப் பிரிவே சொல்கிறது. பணத்தைக் கட்டி, எதிர்த்தரப்பு வக்கீலிடம் ரசீதோ மெமோவில் கையெழுத்தோ வாங்கிக் கோர்ட்டில் தாக்கல் செய்துவிட வேண்டும்.

பண வழக்கில் கடைசியாக ஒன்று. பிரதிவாதியின் சொத்தைத் தீர்ப்புக்கு முன் ஜப்தி செய்து வைத்திருந்தீர்களா? வழக்கு மீண்டாலும் அந்த ஜப்தி தானாக மீளாது. ஆணை 38, விதி 11-ஏ அப்படித்தான் சொல்கிறது. ஜப்திக்குப் புதிதாக மனு போட வேண்டும். அதுவும் வழக்கு கோப்புக்குத் திரும்பிய அன்றே போட வேண்டும். தள்ளுபடிக்கும் மீட்புக்கும் நடுவில் இருந்த அந்த நாலைந்து மாதத்தில் பிரதிவாதி நிலத்தை விற்றுவிட்டாரா என்று வில்லங்கச் சான்று எடுத்துப் பார்த்துக்கொண்டு போங்கள்.